பதினாறு சேவ் வித்தியாசம்

இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற பல பக்கப் பதிவுக்குக் கேரசல் என்று பெயர். 2017இல் இந்த வசதி வந்தபோது ஒரு பதிவில் பத்துப் பக்கம் வைக்கலாம் என்றார்கள். 2024இல் அதை இருபதாக்கினார்கள். பத்தோ இருபதோ, கண்ணில் முதலில் படுவது ஒரே ஒரு பக்கம்தான். அது பிடிக்காவிட்டால் மீதிப் பக்கங்களுக்காக ராத்திரி கண்விழித்தவர் உழைப்பு யார் கண்ணிலும் படாது. அதனால்தான் அந்த முதல் பக்கத்தை, அதாவது கவர் ஸ்லைடை, இரண்டு விதமாகச் செய்துபார்த்து எது எடுபடுகிறது என்று சோதிக்கும் பழக்கம் வந்தது.

சோதிப்பது எளிது. கிடைத்த எண்ணைப் பார்த்து நியாயமான முடிவுக்கு வருவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதோடே போவோம். மின் கட்டணம் பற்றிக் கேரசல் போடுகிற ஒரு சின்னக் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணை பொருந்தும். ஒரு யூனிட் கூடுதலானதற்குப் பில்லில் சில நூறு ரூபாய் ஏறுவது ஏன் என்று பலருக்கும் புரிவதில்லை. அதை விளக்கும் பத்துப் பக்கம் தயார். கவர் மட்டும் இரண்டு. ஒன்றில் மஞ்சள் பின்னணியில் பெரிய எழுத்தில் ‘501வது யூனிட்டின் விலை என்ன?’ என்ற கேள்வி மட்டும். இதை எழுத்துக் கவர் என்போம். மற்றொன்றில் சமையலறையில் ஒரு பெண் கையில் மின் அட்டையோடு நிற்கும் படம், கீழே ‘உங்கள் பில்லை நீங்களே கணக்கிடலாம்’. இது படக் கவர். உள்ளே இருக்கும் ஒன்பது பக்கமும் இரண்டுக்கும் ஒன்றே.

இந்த இரண்டில் சொல்லும் மாறுகிறது, படமும் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அதில் தவறில்லை. ஆனால் படக் கவர் ஜெயித்தால் “இந்தக் கவர் ஜெயித்தது” என்றுதான் சொல்லலாம். “படம் போட்டதால் ஜெயித்தது” என்று சொல்ல வழியில்லை. அதற்கு வாசகத்தை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றி வேறொரு சோதனை வேண்டும்.

பெரும்பாலோர் செய்வது இது: திங்கட்கிழமை எழுத்துக் கவரோடு பதிவு, வியாழக்கிழமை அதே பதிவு படக் கவரோடு. இரண்டில் எதற்கு ரீச் அதிகமோ அது வெற்றி. இதைச் சோதனை என்று சொல்வதே சிரமம். திங்கட்கிழமை பார்த்தவர்களில் ஒரு பகுதியினர்தான் வியாழனும் பார்க்கிறார்கள். ஏற்கெனவே படித்தவருக்கு அது பழைய சோறு. திங்கள் மாலை கிரிக்கெட் இருந்திருக்கலாம். முதலில் பார்த்த சிலர் தற்செயலாக நண்பர்களுக்கு அனுப்பிவைத்தால், அந்த உந்துதலிலேயே பதிவு இன்னும் பலரிடம் போய்ச் சேரும். போதாததற்கு, முதல் பக்கத்தைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே கேரசலை இரண்டாம் பக்கத்திலிருந்து மறுபடி காட்டுவதுண்டு. அவர் சேவ் செய்தால் அந்தப் பெருமை எந்தக் கவருக்கு?

இதன் ஆட்டம் எவ்வளவு என்று தெரிய காசு செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் ஒரே பாணிக் கவரோடு வந்த கடைசிப் பதிவுகளின் ரீச்சை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒன்று இன்னொன்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். கவரே மாறாதபோது இவ்வளவு ஏறி இறங்கினால், கவர் மாறியபோது வந்த ஒன்றரை மடங்கை எப்படிக் கவரின் கணக்கில் எழுதுவது?

நியாயமான சோதனைக்கு முதல் தேவை, இரண்டு கவரும் ஒரே நேரத்தில், குலுக்கிப் பிரிக்கப்பட்ட இரண்டு கூட்டத்துக்குப் போக வேண்டும். சாதாரணப் பதிவில் இதற்கு வழியில்லை. விளம்பரமாகப் போட்டால் வழி உண்டு. மெட்டா நிறுவனத்தின் ஆட்ஸ் மேனேஜரில் ‘ஏ/பி டெஸ்ட்’ என்ற வசதி இருக்கிறது. அது ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு கவரைப் பார்த்தவர் மற்றதைப் பார்க்காதபடி பார்த்துக்கொள்ளும். பணத்தையும் சரிபாதியாகப் பிரிக்கலாம். இதைவிட்டு, ஒரே விளம்பரத் தொகுப்புக்குள் இரண்டு கவரையும் சும்மா போட்டுவிட்டால், முதல் சில மணி நேரத்தில் எது கொஞ்சம் முந்துகிறதோ அதற்கே பணத்தில் பெரும்பகுதியை அந்த மென்பொருள் ஒதுக்கிவிடும். மற்றது பந்தயத்தில் ஓடவே இல்லை.

ஆட்ஸ் மேனேஜரில் கவனமாக அணைக்க வேண்டிய பொத்தான் ஒன்று உண்டு. கேரசல் விளம்பரத்தில், நன்றாக ஓடுகிற பக்கத்தைத் தானாகவே முன்னால் கொண்டுவரும் வசதி அது. அது இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் நான்காம் பக்கம் சிலருக்கு முதல் பக்கமாகிவிடும். கவரைச் சோதிக்கப் போய் கவரே இல்லாத சோதனையாகிவிடும். நிறத்தை, வெளிச்சத்தை, எழுத்தைத் தானாக மெருகேற்றும் வசதிகளையும் இதோடு அணைத்துவிடுவது நல்லது.

அடுத்தது, எதை எண்ணுவது? இதைச் சோதனை தொடங்குமுன்பே எழுதிவைக்க வேண்டும். லைக், கமென்ட், ஷேர், சேவ், ஃபாலோ என்று ஐந்து எண்கள் திரையில் இருக்கும்போது, முடிந்த பிறகு பார்த்தால் ஏதாவது ஒன்றில் உங்களுக்குப் பிடித்த கவர் முந்தியிருக்கும். மனசு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மின் கட்டணக் கேரசலுக்கு நான் சேவைத் தேர்ந்தெடுப்பேன். ‘இந்த மாசப் பில் வரும்போது பார்க்கலாம்’ என்று நினைப்பவர்தான் சேவ் செய்வார். அவர் உள்ளே போய் ஓரளவாவது படித்திருப்பார். வெறும் தள்ளுதலை, அதாவது ஸ்வைப்பை எண்ணினால், ‘ஐயோ, இது தெரியாமல் ஏமாந்துவிட்டீர்களே’ வகைக் கவர்தான் எப்போதும் ஜெயிக்கும். யூடியூப் தன் தம்ப்நெயில் சோதனையில் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை வைத்து முடிவு செய்வதில்லை. மொத்தம் பார்க்கப்பட்ட நேரத்தில் எந்தப் படத்தின் பங்கு அதிகம் என்று பார்க்கிறது. ஆசை காட்டி ஏமாற்றும் படத்தைத் தொட்டவர் பத்து விநாடியில் ஓடிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எண்ணுவது சேவ் என்றால் எதால் வகுப்பது? பார்த்த ஆட்களின் எண்ணிக்கையால். எத்தனை முறை காட்டப்பட்டது என்பதால் அல்ல. ஒருவர் நான்கு முறை பார்த்தாலும் சேவ் செய்யப்போவது ஒரு முறைதான்.

நம் குழு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. ஒரு வாரம் ஓடியது. வார நாளும் ஞாயிறும் இரண்டும் வர வேண்டும் என்பதால் ஏழு நாளுக்குக் குறைவாக ஓட்டக் கூடாது. ஒவ்வொரு கவரையும் 2,000 பேர் பார்த்தார்கள். எழுத்துக் கவருக்கு 60 சேவ். படக் கவருக்கு 76. “27 சதவீதம் அதிகம்! இனி எல்லாமே படக் கவர்தான்” என்று குழுவில் ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார்.

கொஞ்சம் பொறுங்கள். மொத்தம் 136 சேவ். இரண்டு கவரும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல என்று எண்ணிக்கொண்டால், ஒவ்வொரு சேவும் இந்தப் பக்கம் விழுந்திருக்கலாம், அந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். ஒரு நாணயத்தை 136 முறை சுண்டுவது போலத்தான். சரியாக 68 தலை, 68 பூ விழுவது அபூர்வம். 76–60 என்றோ அதைவிடக் கோணலாகவோ விழுவது ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒரு தடவை நடக்கும். நாணயத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலே நடக்கும்.

இதற்குக் கையாலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு சேவ் எண்ணையும் கூட்டுங்கள்: 136. அதன் வர்க்கமூலம் 11.7. அதை இரட்டித்தால் 23 சொச்சம். இரண்டு கவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த 23ஐத் தாண்டினால்தான், வெறும் அதிர்ஷ்டத்தில் இப்படி வருவது இருபதில் ஒரு தடவைதான் என்று சொல்லலாம். நம்முடைய வித்தியாசம் 16. தாண்டவில்லை. இந்தக் கணக்கு, இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருந்து, சேவ் விகிதமும் இப்படிச் சிறியதாக இருக்கும்போது பொருந்தும். ஒரு பக்கம் 2,000, மறுபக்கம் 2,600 என்றால் இதைப் போடக் கூடாது.

அதே 23ஐ இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். 16இலிருந்து 23ஐக் கழியுங்கள், கூட்டுங்கள். மைனஸ் 7 முதல் 39 வரை. அதாவது 2,000 பேருக்குக் காட்டினால் படக் கவர் 7 சேவ் குறைவாகவும் தரலாம், 39 அதிகமாகவும் தரலாம். இந்தச் சோதனை அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. “இரண்டும் சமம்” என்றும் அது சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 39 அதிகம் என்பது கொள்ளை லாபம். அது இல்லை என்று நிரூபணமாகவில்லை. இருக்கிறது என்றும் தெரியவில்லை.

ஆட்ஸ் மேனேஜர் இந்தத் தயக்கத்தையெல்லாம் காட்டாது. எதற்குச் செலவு குறைவோ அதை வெற்றி என்று அறிவித்து, மறுபடி சோதித்தால் இதே கவர் ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று பக்கத்தில் ஓர் எண்ணைப் போடும். கண் வெற்றிச் சின்னத்தில் நிற்கிறது. நிற்க வேண்டியது அந்தச் சதவீதத்தில்.

அப்படியானால் 2,000 பேர் போதாதா? என்ன கண்டுபிடிக்க நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 100 பேரில் மூன்று பேர் சேவ் செய்கிற பக்கத்தில், 20 சதவீத முன்னேற்றத்தை, அதாவது 3 என்பது 3.6 ஆவதை ஓரளவு உறுதியாகப் பிடிக்க ஒவ்வொரு கவருக்கும் சுமார் 14,000 பேர் தேவை. 2,000 பேரை வைத்துக்கொண்டு, 60 சேவ் என்பது 90ஐத் தாண்டும் அளவுக்குக் கவர் அசத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பக்கங்கள் மஞ்சளா ஆரஞ்சா, எழுத்துரு தடிமனா மெல்லியதா என்று சோதிப்பது காசைக் கரைக்கும் வேலை என்று நான் நினைப்பது இதனால்தான். அந்த வித்தியாசம் இருந்தாலும் அவர்களால் பார்க்க முடியாது. கேள்வியா வாக்குறுதியா, முகமா எண்ணா என்று மலைக்கும் மடுவுக்குமான இரண்டை மோதவிட்டால்தான் 2,000 பேரில் ஏதாவது தெரிய வாய்ப்பிருக்கிறது.

இன்னொரு ஆசையும் அடக்கப்பட வேண்டியது. ஒரு வாரம் என்று தொடங்கியவர், இரண்டாம் நாளே திறந்து பார்க்கிறார். படக் கவர் 19, எழுத்துக் கவர் 8. வித்தியாசம் 11, தாண்ட வேண்டியது 10.4. “தாண்டிவிட்டது, நிறுத்து!” என்கிறார். இருபதில் ஒன்று என்ற கணக்கு ஒரே ஒரு தடவை, கடைசியில் பார்ப்பவருக்கானது. ஓடும் சோதனையை இடையிடையே ஐந்து தடவை பார்த்து, தாண்டியவுடன் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால், உண்மையில் வித்தியாசமே இல்லாத கவர்களில்கூட 100க்கு 14 தடவை ‘வெற்றி’ கிடைக்கும். பத்து தடவை பார்த்தால் 19. மருத்துவ ஆய்வுகளுக்காக 1969இலேயே இதைக் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். விளம்பரம் ஓடுகிறதா, கார்டில் பணம் போகிறதா என்று பார்க்கத் திறப்பது தப்பில்லை. முடிவெடுக்கத் திறப்பதுதான் தப்பு.

சரி, இத்தனையும் கடைப்பிடித்து, ஒரு சோதனை எல்லையைத் தாண்டியும்விட்டது என்றால் கவர்தான் காரணமா? இங்கேதான் நல்ல அனுபவசாலிகளும் ஏமாறுகிற இடம் இருக்கிறது.

மென்பொருள் ஆட்களை இரண்டு கூட்டமாகக் குலுக்கிப் பிரிப்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் அது விளம்பரத்தைக் காட்டுவதில்லை. லட்சம் பேர் கொண்ட கூட்டத்தில் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. யாரை? இந்தக் கவருக்கு யார் அசைவார்கள் என்று அது நினைக்கிறதோ அவர்களை. படத்தில் ஒரு பெண்ணும் சமையலறையும் இருந்தால் பெண்களிடம் கூடுதலாகக் கொண்டுபோகலாம். 2019இல் நார்த்ஈஸ்டர்ன், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபேஸ்புக் விளம்பரங்களில் இதை நேரடியாகச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே கூட்டத்தைக் குறிவைத்த விளம்பரங்கள், படம் மாறியதும் ஆண்–பெண் விகிதம் மாறிப் போய்ச் சேர்ந்தன. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் படத்தை மங்கலாக்கி, ஏறக்குறைய வெற்று வெள்ளையாகக் காட்டியபோதும் அந்தச் சாய்வு தொடர்ந்தது. அப்படியானால் பார்த்தவர்களின் ரசனை அதற்குக் காரணமல்ல. படத்தைப் படித்துப் பங்குபோட்டது இயந்திரம்.

நம் உதாரணத்துக்கு இது என்ன செய்யும்? எழுத்துக் கவரைப் பார்த்த 2,000 பேரில் பெண்கள் 500, ஆண்கள் 1,500 என்று கொள்வோம். படக் கவரைப் பார்த்தவர்களில் பெண்கள் 900, ஆண்கள் 1,100. எந்தக் கவராக இருந்தாலும் பெண்களில் 6 சதவீதமும் ஆண்களில் 2 சதவீதமும் சேவ் செய்கிறார்கள். கவருக்கு எந்த மகிமையும் இல்லை. இப்போது கூட்டுங்கள். எழுத்துக் கவர்: 30 கூட்டல் 30, மொத்தம் 60. படக் கவர்: 54 கூட்டல் 22, மொத்தம் 76. அந்தப் பதினாறும் அப்படியே வந்துவிட்டது. ஒரு தனி ஆளின் மனசைக்கூடக் கவர் மாற்றவில்லை. வேறு ஆட்களிடம் போனது, அவ்வளவுதான்.

மைக்கேல் பிரவுன், எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு சந்தையியல் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை விரிவாக எழுதியிருக்கிறார்கள். இதிலிருந்து சோதனையே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். கேள்வி மாறுகிறது. “இந்த மென்பொருள் வழியாகக் காசு கொடுத்துப் பரப்பினால் எந்தக் கவர் அதிகம் சேவ் தரும்?” என்றால் 76க்கும் 60க்கும் பொருளுண்டு. “மக்களுக்கு எந்தக் கவர் பிடிக்கிறது? இதையே என் சாதாரணப் பதிவிலும், அச்சடித்த துண்டறிக்கையிலும் போடலாமா?” என்றால் அந்த எண் பதில் சொல்லாது.

சாய்வைக் குறைக்க வழியுண்டு. விளம்பர நோக்கத்தில் ‘எங்கேஜ்மென்ட்’ என்பதற்குப் பதில் ‘ரீச்’ என்று வைத்தால், அசையக்கூடியவர்களைத் தேடிப் போகும் வேகம் தணியும், முற்றிலும் போகாது. வயதையும் பாலினத்தையும் பிரித்துக் காட்டும் அட்டவணையைத் திறந்து இரண்டு கவரும் ஒரே மாதிரிக் கூட்டத்துக்குப் போனதா என்று பார்க்கலாம். 500க்கு 900 என்று கண்டால் மொத்தத்தை விட்டுவிட்டு, பெண்களுக்குள் ஒரு ஒப்பீடு, ஆண்களுக்குள் ஒரு ஒப்பீடு என்று பார்க்க வேண்டும். இதிலும் குறை உண்டு: வயதும் பாலினமும்தான் அட்டவணையில் தெரியும். வாடகை வீட்டுக்காரர் எத்தனை, ஏசி வைத்திருப்பவர் எத்தனை என்பது தெரியாது. மின் கட்டணத்துக்கு அதுதான் முக்கியம்.

இனி நம் குழு என்ன செய்வது? காசு அதிகமில்லை, 14,000 பேரை ஒரே பதிவுக்கு வாங்க முடியாது. ஆனால் அவர்கள் மாதம் ஒரு கேரசலாவது போடுகிறார்கள். அடுத்து குடிநீர் வரி, பத்திரப்பதிவு, ரேஷன் அட்டை. கேள்வி எழுத்துக் கவருக்கும் முகம் உள்ள படக் கவருக்கும் இடையேதான் என்றால், நான்கு தலைப்பிலும் அதே மோதலை நடத்தி எண்களைக் கூட்டலாம். நான்கு என்று முன்பே முடிவுசெய்ய வேண்டும். நோக்கம் ரீச், கூட்டம் ஒரே மாதிரிப் போனதா என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டும். அப்படிச் செய்து மின் கட்டணத்தில் 60–76, குடிநீர் வரியில் 52–70, பத்திரப்பதிவில் 71–66, ரேஷனில் 57–78 என்று வந்ததாக வைப்போம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. பத்திரப்பதிவில் எழுத்துக் கவரே முந்தியிருக்கிறது. “அது வேறு மாதிரித் தலைப்பு” என்று அதை ஒதுக்கிவிடக் கை துறுதுறுக்கும். ஒதுக்கக் கூடாது.

கூட்டினால் எழுத்துக் கவர் 240, படக் கவர் 290. மொத்தம் 530, வர்க்கமூலம் 23, இரட்டித்தால் 46. வித்தியாசம் 50. மயிரிழையில் தாண்டுகிறது. படக் கவர் மேல் என்று இப்போது சொல்லலாம். எவ்வளவு மேல்? 8,000 பேருக்கு 4 சேவ் முதல் 96 சேவ் வரை. படக் கவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புகைப்படக்காரருக்குப் பணம் கொடுத்து, படத்தில் இருப்பவரிடம் சம்மதம் வாங்கி, ஒரு நாளைச் செலவழிக்க வேண்டியிருந்தால், 96க்கு அது தாராளமாகக் கட்டுப்படியாகும், 4க்குக் கட்டுப்படியாகாது. இருக்கிற படத்தையே வெட்டி ஒட்டப் போகிறார்கள் என்றால் 4க்கும் லாபம்தான்.